முந்நூற்று ஒன்றாவது கிரைண்டர்

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் சிறு பட்டறை எதிலாவது போய் "மாசம் எத்தனை பீஸ் போகுது?" என்று கேட்டால் பதில் உடனே வரும். "எத்தனை பீஸ் போனால் முதலுக்கு மோசமில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் வரும், அல்லது ஆடிட்டரைக் கைகாட்டுவார்கள். ஆடிட்டரோ வருஷக் கணக்கை முடிக்கும்போதுதான் அதைப் பார்ப்பார். அதற்குள் தீபாவளி சீசனே முடிந்திருக்கும்.

இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான் 'பிரேக் ஈவன்' என்கிறார்கள். லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் விற்பனை அளவு அது. கணக்கு மிகச் சிறியது. அதற்குள் போடும் எண்களைச் சரியாக எடுப்பதுதான் வேலை.

ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். கணக்கு ஓடுவதற்கு வசதியாக எண்களை முழுசாக வைத்திருக்கிறேன். மேசைமேல் வைக்கும் இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒன்றே ஒன்றுதான் தயாரிப்பு. டீலருக்குக் கொடுக்கும் விலை, ஜிஎஸ்டி சேர்க்காமல், 4,000 ரூபாய். ஜிஎஸ்டியைச் சேர்த்துக் கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது அரசுக்குப் போய்ச் சேரவேண்டிய பணம், பட்டறையின் வருமானம் அல்ல.

ஒரு கிரைண்டரைக் கூடுதலாகச் செய்தால் கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு? கல்லும் டிரம்மும் 1,150. மோட்டார் 950. பாடி, பெல்ட், சுவிட்ச், வயர் 620. அட்டைப்பெட்டியும் தெர்மோகோலும் 120. பீஸ் ரேட்டில் அசெம்பிள் செய்பவருக்கும் சோதனை ஓட்டத்துக்கான கரண்டுக்கும் 140. லாரி வாடகை 120. வாரண்டியில் திரும்பி வரும் சரக்கைச் சரிசெய்ய, சராசரியாக பீஸுக்கு 100. மொத்தம் 3,200. இந்தக் கடைசி நூறு ரூபாயைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கல் தேய்ந்து வந்தாலும் மோட்டார் புகைந்து வந்தாலும் மாற்றிக் கொடுப்பது நம் செலவில்தான். விற்ற ஒவ்வொரு பீஸும் அதில் தன் பங்கைச் சுமக்கவேண்டும்.

ஆக 4,000-க்கு விற்ற கிரைண்டரில் 3,200 அதனோடேயே போய்விடுகிறது. மிச்சம் 800. கணக்கியலில் இதற்குப் பங்களிப்பு என்று பேர். இந்த 800-ஐ லாபம் என்று எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் சிறு தொழில் தடுமாறுகிறது. மாதாமாதம் காத்திருக்கும் மற்ற செலவுகளை முதலில் இந்தப் பணம்தான் அடைக்கவேண்டும்.

அந்த மற்ற செலவுகள், ஒரு கிரைண்டர்கூட விற்காவிட்டாலும் வந்து நிற்பவை. ஷெட் வாடகை 40,000. மாதச் சம்பளத்துக்கு இருக்கும் நாலு பேருக்கு 80,000. உரிமையாளரின் சொந்தச் சம்பளம் 30,000. கரண்டு இணைப்புக்கான நிலைக்கட்டணம் 5,000. கடனுக்கு வட்டி 30,000. ஆடிட்டர், காப்பீடு, போன் வகையில் 15,000. இயந்திரங்களின் தேய்மானம் 40,000. கூட்டினால் 2,40,000.

இதை 800-ஆல் வகுத்தால் 300. முதல் முந்நூறு கிரைண்டரும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் வட்டிக்கும் உழைக்கின்றன. முந்நூற்று ஒன்றாவது கிரைண்டர்தான் உரிமையாளருக்கு முதன்முதலாக 800 ரூபாய் லாபம் தருகிறது.

உரிமையாளரின் சம்பளத்தை ஏன் சேர்க்கவேண்டும் என்று சிலர் கேட்பார்கள். "நமக்கு நாமே என்னத்தைச் சம்பளம் போட்டுக்கிறது?" அதை விட்டுவிட்டால் பிரேக் ஈவன் 263 ஆக இறங்கிவிடும். தாளில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வீட்டு மளிகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் எப்படியும் இந்தக் கல்லாவிலிருந்துதான் போகப்போகின்றன. சொந்த ஷெட் என்றால் வாடகை இல்லை என்பதும் இதே மாதிரிக் கணக்குதான். வேறொருவருக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் பணம் அது.

நிலைக்கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் மாறியபோது சிறு தொழில்களின் நிலைக்கட்டணமும் ஏறியது. மறு வருஷம் செப்டம்பரில் மாநிலம் முழுக்கச் சிறு தொழிற்கூடங்கள் ஒருநாள் கதவடைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஓட்டிய யூனிட்டுக்குக் காசு கேட்டால், ஆர்டர் இல்லாத மாதத்தில் பில்லும் குறையும். நிலைக்கட்டணம் அப்படி இறங்காது. நம் பட்டறைக்கு அது மாதம் 4,000 கூடினால், பழைய இடத்திலேயே நிற்பதற்கு இன்னும் ஐந்து கிரைண்டர் விற்றாகவேண்டும்.

இப்போது பட்டறை மாதம் 400 விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாபம் 80,000. பிரேக் ஈவனுக்கு மேலே 100 பீஸ் இருக்கிறது; 400-இல் நூறு என்றால் 25 சதவீதம். விற்பனை கால்பங்கு விழுந்தாலும் கையைக் கடிக்காது என்று பொருள். இந்த இடைவெளிக்குப் பாதுகாப்பு எல்லை என்று பேர்.

பிரேக் ஈவன் மாறாமலே இந்த எல்லை சுருங்கலாம். 2022 ஜூலை 18 முதல் வெட் கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 4,000 ரூபாய்ச் சரக்கு வரியோடு 4,200 ஆக இருந்தது 4,720 ஆகிறது. பட்டறைக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் வரவில்லை, செலவும் ஏறவில்லை, எனவே பிரேக் ஈவன் அதே 300தான். ஆனால் வாங்க வருபவர் விலையைக் கேட்டுவிட்டு மிக்சியே போதும் என்று திரும்பினால்? 400 விற்றது 340 ஆனால் பாதுகாப்பு எல்லை 25-லிருந்து சுமார் 12 சதவீதமாகிவிடும்.

இனி டீலர் வருகிறார்.

"அண்ணா, பீஸுக்கு எரநூறு குறைச்சுக் குடுங்க. மாசம் அம்பது பீஸ் சேர்த்தி எடுத்துக்கறேன்."

இருநூறு என்பது விலையில் ஐந்து சதவீதம். விற்பனையோ எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. வாயால் கணக்குப் போட்டால் லாபமான பேரம் மாதிரித்தான் தெரியும். எல்லா டீலருக்கும் ஒரே விலைதான் என்று வைத்துப் பார்ப்போம். விலை 3,800. செலவு அதே 3,200. பங்களிப்பு 800-லிருந்து 600 ஆகிறது. விலையில் ஐந்து சதவீதம் விட்டுக்கொடுத்தது, பங்களிப்பில் கால்பங்கைத் தின்றுவிட்டது. 2,40,000-ஐ 600-ஆல் வகுத்தால் பிரேக் ஈவன் 400. நேற்றுவரை 80,000 லாபம் தந்த விற்பனை இன்று வெறும் சமநிலை.

சொன்னபடி ஐம்பது கூடி 450 விற்றாலும், பங்களிப்பு 2,70,000, லாபம் 30,000. இதில் வேடிக்கை, மொத்த விற்பனை 16 லட்சத்திலிருந்து 17 லட்சத்து 10 ஆயிரமாகக் கூடியிருக்கிறது. பில் புத்தகத்தைப் பார்த்தால் தொழில் வளர்கிறது. ஆட்களுக்கு ஓய்வில்லை, லோடு தினமும் போகிறது, மாதக் கடைசியில் பணம் மட்டும் இல்லை. "வியாபாரம் நல்லாத்தான் போகுது, காசுதான் எங்க போகுதுன்னு தெரியலை" என்று ஒருவர் சொன்னால், அவர் பட்டறையில் முதலில் பார்க்கவேண்டியது பீஸுக்கு நிற்கும் பங்களிப்பைத்தான். அதுவும் போன வருஷ விலையை வைத்து அல்ல. இந்த மாதம் மோட்டாருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் வந்த பில்லை வைத்துப் பார்க்கவேண்டும்.

கூடுதலான ஐம்பதுக்கு மட்டும் 3,800 என்று பேசினால் கதை வேறு. பழைய 400-இல் 3,20,000, புதிய 50-இல் 30,000. லாபம் 1,10,000. அதே சலுகை, அதே பீஸ்கள், ஆனால் லாபத்தில் 80,000 ரூபாய் வித்தியாசம். சிக்கல் என்னவென்றால் டவுன்ஹால் பக்கம் ஒரு கடைக்குக் கொடுத்த விலை அடுத்த கடைக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். ஆகவே வேறு ஊர், வேறு மாடல், அல்லது ரொக்கத்துக்கு மட்டும் என்று ஏதாவது ஒரு வேலி இருந்தால்தான் இந்தச் சலுகை நிற்கும்.

ரொக்கம் என்றதும் இன்னொன்று. பிரேக் ஈவன் சொல்வது லாபநட்டம். வங்கியில் பணம் இருக்குமா என்பது தனிக் கணக்கு. தேய்மானம் 40,000 செலவுதான், ஆனால் யாருக்கும் அதைக் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. கடனின் அசல் தவணை செலவில் வராது, ஆனால் தேதி தவறாமல் கட்டவேண்டும். அசல் மாதம் 72,000 என்று வைத்தால், 2,40,000-இல் 40,000-ஐக் கழித்து 72,000-ஐச் சேர்க்க, 2,72,000. வகுத்தால் 340 பீஸ். 310 விற்ற மாதத்தில் கணக்குப்படி லாபம், தவணைக்குப் பணம் இல்லை. அதுவும் டீலர்கள் உடனே பணம் தந்தால்தான் இந்த 340. அறுபது நாள் கடனுக்குக் கொடுத்தால், இந்த மாதச் சம்பளத்தை இரண்டு மாதத்துக்கு முந்தைய விற்பனைதான் போடவேண்டும்.

சீசன் இதை இன்னும் இறுக்கும். வருஷ சராசரி 400 என்றாலும் ஆடியில் 260-உம் தீபாவளிக்கு முன் 600-உம் போகலாம். ஆடியில் நாற்பது பீஸ் குறைந்ததற்கு 32,000 நட்டம். வருஷம் முழுதையும் சேர்த்துப் பார்த்தால் 25 சதவீத எல்லை பத்திரமாகவே இருக்கும். ஆடி மாதத்துச் சம்பளத்துக்கு அந்தச் சராசரி உதவாது. பாதுகாப்பு எல்லையை வருஷத்துக்கு ஒன்றும் மோசமான மாதத்துக்கு ஒன்றுமாக இரண்டாகப் போட்டு வைப்பது நல்லது.

இந்த வகுத்தலுக்கு ஒரு வரம்பும் உண்டு. நிலையான செலவு எந்த அளவுக்கும் நிலையாகவே இருக்கும் என்று அது நம்புகிறது. நம் ஷெட்டில் மாதம் 500 பீஸுக்கு மேல் அசெம்பிள் செய்ய இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டீலர் கேட்ட 3,800 விலையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பழைய 80,000 லாபத்தையும் எடுக்கவேண்டுமானால் 3,20,000-ஐ 600-ஆல் வகுக்கவேண்டும். 534 பீஸ் வருகிறது. ஷெட் தாங்காது. பக்கத்து ஷெட்டையும் எடுத்து இரண்டு ஆளையும் போட்டால் மாதச் செலவு 60,000 கூடி மூன்று லட்சமாகும். அப்போது பிரேக் ஈவனே 500. பழைய 80,000-ஐப் பார்க்க 634 விற்கவேண்டும். டீலர் கூடுதலாக எடுப்பதாகச் சொன்னது ஐம்பது.