ஆவியில் எவ்வளவு தண்ணீர்?

ஒரு கொதிகலனின் அழுத்தமானி 9 பார் காட்டுகிறது, வெப்பமானி 180 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. குழாயில் போவது உலர்ந்த ஆவியா, நீர்த்துளிகள் கலந்த ஈர ஆவியா? இந்த இரண்டு அளவுகளை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஏன் என்பதை நீராவி அட்டவணையில் பார்க்கலாம். மானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்டதை மட்டுமே. அட்டவணையோ முழு அழுத்தத்துக்கு எழுதப்பட்டது. அதனால் ஒன்றைக் கூட்டி 10 பார் வரிசைக்குப் போக வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்; மறந்தால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் பிசகிவிடும்.

பூரித நீராவி அட்டவணையில் 10 பாருக்கு நேரே கொதிநிலை 179.9 டிகிரி. அந்த நிலையில் ஒரு கிலோ தண்ணீரின் என்தால்பி, அதாவது அது சுமக்கும் வெப்பம், 763 கிலோஜூல். ஒரு கிலோ உலர்ந்த ஆவிக்கு 2778. இடைவெளி 2015. முழுத் தண்ணீரிலிருந்து முழு ஆவிவரை எல்லாக் கலவைகளும் அதே 179.9 டிகிரியில்தான் இருக்கும். எனவே மூன்றாவதாக ஓர் அளவு வேண்டும்.

அதற்கு ஓர் அழகான வழி உண்டு. குழாயிலிருந்து கொஞ்சம் ஆவியை எடுத்து, ஒரு சிறு துளை வழியாக, வெளிக்காற்றின் அழுத்தத்தில் உள்ள கலத்துக்குள் விடுவார்கள். கலம் வெப்பம் கசியாதபடி பொதியப்பட்டிருந்தால், துளையைக் கடக்கும்போது என்தால்பி மாறாது. ஆனால் 1 பாரில் உலர்ந்த ஆவிக்கு 2675 கிலோஜூல் போதும். மிஞ்சிய வெப்பம் துளிகளை ஆவியாக்கிவிட்டு, பிறகு ஆவியையே கொதிநிலைக்கு மேலே சூடாக்குகிறது. இப்போது வெப்பமானிக்குப் பொருள் வந்துவிட்டது. அது 120 டிகிரி காட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

மிகைவெப்ப ஆவி அட்டவணையில் 1 பாருக்கு 100 டிகிரியில் 2676, 150 டிகிரியில் 2776 என்று இருக்கிறது, 120 இல்லை. ஐம்பது டிகிரி இடைவெளியில் இருபது டிகிரி ஏறியிருக்கிறோம், ஐந்தில் இரண்டு பங்கு. என்தால்பியின் நூறு கிலோஜூல் ஏற்றத்திலும் ஐந்தில் இரண்டு பங்கு நாற்பது. ஆக 2716. இந்த இடைக்கணிப்பை இரு முனையும் ஆவியாக இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். ஒரு முனை கொதிநிலைக்குக் கீழே தண்ணீராக இருந்தால் வரும் எண் வெறும் எண்தான்.

துளையைக் கடக்குமுன்பும் அதே 2716 தான். எனவே உலர்வுப் பின்னம்:

x = (2716 − 763) / 2015 = 0.97

குழாயில் வருவதில் எடைப்படி நூற்றுக்கு மூன்று பங்கு தண்ணீர். கலம் வெப்பத்தைக் கசியவிட்டால் ஆவி உண்மையில் இருப்பதைவிட ஈரமாகத் தெரியும்; ஒரு டிகிரி குறைந்தால் பின்னத்தில் சுமார் 0.001 குறையும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஆவியில் தண்ணீர் ஏறக்குறைய 5 விழுக்காட்டைத் தாண்டினால் துளிகள் முழுதும் ஆவியாகாது. வெப்பமானி 100 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். அப்படி நின்றால் கணக்குப் போடக் கூடாது. முதலில் தண்ணீரில் ஒரு பகுதியைத் தனியே பிரித்து எடைபோட்டுவிட்டு, மீதி ஆவியைத்தான் துளைக்குள் விட வேண்டும்.