கார் போயாச்சு… பிரீமியம் மட்டும் ஏன் உங்க அக்கவுன்ட்ல இருந்து போகுது? நிறுத்துவது எப்படி?

"உங்கள் கார் பாலிசி புதுப்பிப்புக்காக ரூ.9,640 நாளை உங்கள் கணக்கிலிருந்து பிடிக்கப்படும்." சென்னையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு நவம்பர் மாதம் இப்படி ஒரு மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் அந்தக் காரை ஜூன் மாதமே மதுரையில் ஒருவருக்கு விற்றுவிட்டார். ஆனால், பாலிசி எடுத்தபோது 'ஆட்டோ ரினியூவல்' பாக்ஸில் போட்ட டிக் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஏன் இப்படி நடக்கிறது? காரை விற்றது வாங்கியவருக்குத் தெரியும், ஆர்.டி.ஓ அலுவலகத்துக்கும் தெரிந்திருக்கலாம். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு யாரும் சொல்லவில்லை. அதன் கணக்கில் கார் இன்னும் பழைய ஓனருடையதுதான்.

முதலில் ஆர்.சி-யைப் பாருங்க

உடனே பணத்தை நிறுத்தத்தான் தோன்றும். அதற்கு முன் எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு, ஆர்.சி இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்னும் உங்கள் பெயரிலேயே இருந்தால், இன்ஷூரன்ஸை நிறுத்துவது ஆபத்து. ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டப்படி அவரே ஓனர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸ் இல்லாத அந்தக் கார் யாரையாவது இடித்துவிட்டால், இழப்பீடு கேட்டு வரும் நோட்டீஸில் உங்கள் பெயரும் இருக்கும்.

அப்படியென்றால் முதல் வேலை, படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றத்தை முடிப்பதுதான். ஆர்.சி மாறிவிட்டது என்றால், தயங்காமல் அடுத்ததற்குப் போகலாம்.

பணத்தை நிறுத்த ரெண்டு கதவு

ஒன்று, வங்கிப் பக்கம். ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டு, யு.பி.ஐ வழியான தானியங்கிப் பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்த ஒரு பிடித்தத்தை மட்டும் மறுக்கலாம். ஒப்புதலையே மொத்தமாக ரத்தும் செய்யலாம். யு.பி.ஐ என்றால் ஆப்பில் உள்ள 'ஆட்டோபே' பகுதியிலேயே வேலை முடிந்துவிடும். நேரடியாக வங்கிக் கணக்கிலிருந்து போகும் 'நாச்' ஒப்புதல் என்றால், நெட் பேங்கிங்கிலோ கிளையிலோ ரத்து கேட்க வேண்டும்.

இரண்டாவது, இன்ஷூரன்ஸ் நிறுவனம். வங்கியில் மட்டும் நிறுத்தினால் பணம் போகாது. ஆனால், நிறுவனத்தின் பதிவில் எதுவும் மாறாது. அதற்குத்தான் கடிதம். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் ஆதாரம் கையில் நிற்காது, மெயிலில் நிற்கும்.

கடிதம் இப்படி இருக்கலாம்

> பொருள்: விற்கப்பட்ட காரின் பாலிசிக்குத் தானியங்கிப் பணப் பிடித்தத்தை நிறுத்தக் கோருதல்
>
> ஐயா / அம்மையீர்,
>
> மேற்கண்ட பாலிசியில் உள்ள என் காரை (பதிவு எண்: ……) ஜூன் 14 அன்று விற்றுவிட்டேன். ஆர்.சி ஜூலை 2 அன்று புதிய உரிமையாளர் பெயருக்கு மாறிவிட்டது. எனவே, பாலிசியைப் புதுப்பிக்க நான் கொடுத்த ஒப்புதலை இன்றுடன் திரும்பப் பெறுகிறேன். இனி என் கணக்கிலிருந்து எந்தத் தொகையும் பிடிக்க வேண்டாம்.
>
> இதற்கு முன்பே பிரீமியம் பிடிக்கப்பட்டிருந்தால், அந்தப் புதுப்பிப்பை ரத்து செய்து தொகையைத் திருப்பித் தரவும். எனக்குச் சேர வேண்டிய நோ கிளெய்ம் போனஸுக்கான சான்றையும் வழங்கவும்.
>
> ஒப்புதல் ரத்தானதை எழுத்து மூலம் உறுதி செய்யவும்.
>
> இணைப்பு: விற்பனை ஒப்பந்தம், புதிய ஆர்.சி நகல்

இதில் இரண்டு தேதிகள் முக்கியம். விற்ற தேதியும் ஆர்.சி மாறிய தேதியும் இல்லாவிட்டால், 'ஆவணம் அனுப்புங்க' என்று பதில் வந்து நாள்தான் ஓடும்.

நோ கிளெய்ம் போனஸ் வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தள்ளுபடி காருக்கு உரியதல்ல, ஓனருக்கு உரியது. சான்று வாங்கி வைத்தால், 3 ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காரின் சொந்த சேதப் பிரீமியத்தில் அதிகபட்சம் 50% வரை குறையும். நிறுத்தப் போகும் ரூ.9,640-ஐ விட இதில் மிச்சமாவது சில சமயம் அதிகமாகவே இருக்கும்.

பதில் வரலைன்னா?

முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடலாம். அடுத்து, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். ஒரு மாதமாகியும் தீர்வு இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

அங்கேயும் முதலில் கேட்பது, நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைத்தான். அதனால், அனுப்பிய மெயிலையும் வந்த பதிலையும் டெலிட் பண்ணிடாதீங்க.