மூணு வருஷமா, 2019-லேர்ந்தா?

2022 ஜூன் மாதம், மாலை வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் தயங்கி நின்றார். வேலைக்கு எழுதிய விண்ணப்பக் கடிதம் கையில் இருந்தது. முதல் வரி இப்படி: "ஐ ஆம் வொர்க்கிங் இன் எ ஸ்பின்னிங் மில் சின்ஸ் த்ரீ இயர்ஸ்."

திருத்தாமல், "இதைத் தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.

"மூணு வருஷமா ஒரு ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்க்கிறேன் சார்."

"எப்பலேர்ந்து?"

"2019 ஜூன்லேர்ந்து."

இரண்டு பதில்களின் வால்களையும் கவனியுங்கள். 'வருஷமா' என்பதில் 'ஆ' இருக்கிறது. 'ஜூன்லேர்ந்து' என்பதில் 'லேர்ந்து' இருக்கிறது. மாற்றிச் சொல்லிப் பார்த்தால் நாக்கே ஒத்துக்கொள்ளாது. '2019 ஜூனா வேலை பார்க்கிறேன்' என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். எவ்வளவு காலம் என்ற அளவுக்கு 'ஆ', எந்தப் புள்ளியில் தொடங்கியது என்பதற்கு 'லேர்ந்து'. இந்த இரண்டையும் நாம் சின்ன வயதிலேயே பிரித்துப் பேசத் தொடங்கிவிடுகிறோம். ஆங்கிலத்தின் 'ஃபார்', 'சின்ஸ்' இரண்டும் அதே பிரிவினைதான். 'ஒரு வாரமா', 'ரொம்ப நாளா', 'ரெண்டு மணி நேரமா' எல்லாம் ஃபார். 'திங்கட்கிழமையிலேர்ந்து', 'சின்ன வயசுலேர்ந்து', 'நான் வந்ததுலேர்ந்து' எல்லாம் சின்ஸ்.

இந்தி பேசுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. 'மூன்று வருடமாக' என்பதற்கு அங்கே 'தீன் சால் ஸே', 'திங்களிலிருந்து' என்பதற்கு 'சோம்வார் ஸே'. இரண்டுக்கும் ஒரே 'ஸே'. ஜெர்மனில் 'ஸைட்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. அவர்கள் 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று தடுமாறுவதற்குத் தாய்மொழியிலேயே காரணம் இருக்கிறது. நமக்கு இல்லை. சுற்றிலும் காதில் விழும் ஆங்கிலத்திலிருந்துதான் நாம் இதைப் பிடித்துக்கொண்டோம் என்பது என் எண்ணம்.

'லேர்ந்து' வந்தாலே சின்ஸ் என்று எழுதிவிடவும் கூடாது. 'நாளையிலேர்ந்து லீவு' என்பது 'ஃப்ரம் டுமாரோ'. 'திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும்' என்பது 'ஃப்ரம் மண்டே டு ஃப்ரைடே'. சரிபார்க்க ஒரு வழி உண்டு. வாக்கியத்தில் 'இப்ப வரைக்கும்' என்று சேர்த்துப் பாருங்கள். '2019-லேர்ந்து இப்ப வரைக்கும் வேலை பார்க்கிறேன்' பொருந்துகிறது, ஆகவே சின்ஸ். 'நாளையிலேர்ந்து இப்ப வரைக்கும்' பொருளே தரவில்லை, ஆகவே ஃப்ரம்.

மாணவர் சின்ஸை அடித்துவிட்டு ஃபார் என்று எழுதினார். இப்போது வரி 'ஐ ஆம் வொர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று ஆனது. இதுவும் சரியில்லை, இந்தப் பிழைக்கு மட்டும் தமிழ்தான் காரணம். தமிழில் 'பார்க்கிறேன்' என்ற நிகழ்காலமே போதும். மூன்று வருடப் பழசையும் அது தாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் முன்பே தொடங்கி இன்னும் நீள்கிற வேலைக்கு பெர்ஃபெக்ட் டென்ஸ் வேண்டும்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் எ ஸ்பின்னிங் மில் ஃபார் த்ரீ இயர்ஸ்." எனவே வால் சரியாக இருந்தாலும் வினையைத் தனியாக ஒருமுறை பார்த்தாக வேண்டும். சின்ஸ் வந்தால், முதன்மை வினையில் ஹேவ், ஹேஸ், ஹேட் மூன்றில் ஒன்று இருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் போதும். ஃபார் அப்படி இல்லை, அது எந்தக் காலத்தோடும் சேரும். அதனால்தான் அதில் ஒளிந்திருக்கும் பிழை கண்ணில் படுவதில்லை.

கடிதத்தின் இரண்டாம் வரியிலேயே அது நடந்திருந்தது: "ஐ ஹேவ் வொர்க்ட் இன் அனதர் மில் ஃபார் டூ இயர்ஸ்." ஃபார் இருக்கிறது, ஹேவ் இருக்கிறது, பார்த்தால் குறையே தெரியவில்லை. இதற்கு நான் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். ஃபாரைச் சின்ஸாக மாற்றுங்கள். 2022-இல் இரண்டைக் கழித்தால் 2020. 'சின்ஸ் 2020' என்று எழுதினால் உண்மையா?

"இல்லை சார். அந்த மில்லுல 2016 ஜூன்ல சேர்ந்தேன். 2018 ஜூன்ல மூடிட்டாங்க."

கணக்கு இடித்ததால் விஷயம் வெளியே வந்துவிட்டது. இரண்டு வருடம் என்பது இன்றைக்கு வந்து முட்டவில்லை, 2018-இலேயே நின்றுவிட்டது. அனுபவத்தைச் சொல்லும்போது 'ஹேவ் வொர்க்ட்' என்று எழுதுவதும் உண்டுதான். ஆனால் கால அளவைப் பக்கத்தில் வைத்தால், படிக்கிற அதிகாரி 'இன்னும் அங்கேதான் இருக்கிறாரோ' என்று நினைக்க இடம் கொடுத்துவிடும். முடிந்த வேலைக்கு வெறும் இறந்தகாலம் போதும்: "ஐ வொர்க்ட் இன் அனதர் மில் ஃபார் டூ இயர்ஸ்." முதல் வரியை இதே கணக்கில் போட்டால், 2022-இல் மூன்றைக் கழிக்க 2019 வருகிறது. 'சின்ஸ் 2019' உண்மை. அங்கே ஹேவ் பீன் சரி.

பழைய மில் மூடிய நாளில் நின்று பேசினால் ஹேட் வரும்: "வென் தி மில் க்ளோஸ்ட், ஐ ஹேட் வொர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்." கணக்கும் 2018-இலிருந்துதான் கழிக்க வேண்டும், இன்றிலிருந்து அல்ல. 'ஹேட் வொர்க்ட் தேர் சின்ஸ் 2016' என்று மாற்றினாலும் இடிக்காது.

தன் காதை நம்பாதவர்கள் கூகுள் என்கிராம் வியூவரில் பார்க்கலாம். அச்சான புத்தகங்களில் ஒரு தொடர் எந்த ஆண்டு எவ்வளவு புழங்கியது என்பதை அது கோடாக வரைந்து காட்டும். தேடும் கட்டத்தில் இப்படித் தட்டுங்கள்:

```
for three years,since three years
```

முதல் கோடு உயரத்தில் ஓடும், இரண்டாவது தரையோடு ஒட்டிக் கிடக்கும். ஆனாலும் சுழியம் இல்லை, அதைப் பார்த்து 'இதுவும் உண்டு போலிருக்கிறது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சின்ஸுக்கு 'ஏனென்றால்' என்ற பொருளும் உண்டு. 'மூன்று வருடம் கடந்துவிட்டபடியால்' என்று வாக்கியத்தின் நடுவில் வருவதும் அந்தக் கோட்டில்தான் சேரும். 'சின்ஸ் த்ரீ இயர்ஸ் அகோ', அதாவது மூன்று வருடங்களுக்கு முன்பிருந்து, என்பதும் அதில் சேரும். 'அகோ' வந்தவுடன் அளவு புள்ளியாக மாறிவிடுகிறது. எனவே எண்ணிக்கையோடு நிற்காமல், அந்தத் தொடர் வருகிற நாலைந்து வாக்கியங்களை முழுதாகப் படிக்க வேண்டும்.

கடிதத்தில் மிச்சம் இருந்தது ஒரு வரி. டிப்ளமோ முடித்ததைப் பற்றி: "ஐ ஹேவ் ஃபினிஷ்ட் மை டிப்ளமோ ஃபார் சிக்ஸ் இயர்ஸ்." அவர் மனதில் ஓடியது 'டிப்ளமோ முடிச்சு ஆறு வருஷம் ஆச்சு' என்ற தமிழ். இங்கே 'ஆறு வருஷமா' என்று சொல்ல முடியாது என்பதைக் கவனியுங்கள். 'ஆறு வருஷமா முடிச்சிருக்கேன்' என்றால் நமக்கே உறுத்துகிறது. முடிப்பது, சேர்வது, வாங்குவது எல்லாம் ஒரு நொடியில் நடந்து தீர்ந்துவிடுகிற செயல்கள், அவற்றை ஆறு வருடத்துக்கு இழுக்க முடியாது. தமிழில் 'ஆச்சு' வரும் இந்த இடத்தில் ஆங்கிலம் வாக்கியத்தையே திருப்பிப் போடுகிறது: "இட் இஸ் சிக்ஸ் இயர்ஸ் சின்ஸ் ஐ ஃபினிஷ்ட் மை டிப்ளமோ." அளவு முன்னால் தனியாக நிற்கிறது, சின்ஸுக்குப் பின்னால் முடித்த அந்தப் புள்ளி வருகிறது.

விண்ணப்பத்துக்கு அதுகூடத் தேவையில்லை. அவர் யோசித்துவிட்டு, "ஐ ஃபினிஷ்ட் மை டிப்ளமோ இன் 2016" என்று எழுதி, கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.