22 வருட வேலை, நான்கு வரி அறிமுகம்

பல ஆண்டு வேலை பார்த்தவர்களின் பயோடேட்டாவில் பெரும்பாலும் மோசமாக அமைவது உச்சியில் இருக்கும் நான்கு வரிதான். கீழே பக்கம் பக்கமாக நல்ல விவரங்கள் இருக்கும். மேலேயோ "கடின உழைப்பாளி, பொறுப்பானவர், சவால்களை விரும்புபவர்" என்று நிற்கும். யார் பெயருக்குக் கீழே வைத்தாலும் பொருந்துகிற வரி அது. ஆளெடுப்பவர் கண்ணில் முதலில் படுவதும் அதுவே.

திருப்பூர் பனியன் தொழிலில் இருக்கும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 2003-இல் செக்கராகச் சேர்ந்தார். 2007 முதல் 2011 வரை தையல் லைனில் க்யூசி. அடுத்த மூன்று ஆண்டு மெர்ச்சண்டைசர். 2014-இல் சொந்தமாகச் சில மெஷின் போட்டு ஜாப்வொர்க் எடுத்தார். இரண்டு ஆண்டில் மூட வேண்டியதாயிற்று. 2016 முதல் 2025 வரை ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் தர மேலாளர். இப்போது இன்னும் பெரிய நிறுவனத்தில் அதே பதவிக்கு விண்ணப்பிக்கிறார்.

கை தானாக எழுதுவது "2003-இல் செக்கராகத் தொடங்கி..." என்றுதான். அங்கேதான் சறுக்கல். நான்கில் இரண்டு வரியைப் பழைய வேலைகளே தின்றுவிடும். இன்றைய பொறுப்பு கடைசி வரியில் நெருக்கியடித்து நிற்கும். கால வரிசைக்குக் கீழே பணி விவரம் இருக்கிறது. மேலே வரும் அறிமுகம் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்: இந்த வேலைக்கு இவரை ஏன் கூப்பிட வேண்டும்?

அதனால் எழுதுவதற்கு முன் வேலை விளம்பரத்தைப் படிக்க வேண்டும். நம்மவர் பார்த்த விளம்பரம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்: தையல் லைனில் தரக் கட்டுப்பாடு, பையர் ஆய்வைச் சமாளிப்பது, செக்கர் குழுவை நடத்துவது. ஒரு தாளில் ஐந்து வேலைகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இந்த மூன்றில் எதற்கு அது சான்று என்று குறிக்கட்டும். 2016-க்கு எதிரே மூன்றும் விழும். மெர்ச்சண்டைசர் வேலைக்கு எதிரே பையர் தொடர்பு விழும். தர மேலாளர்கள் பலரிடம் இல்லாத அனுபவம் என்பதால் அதற்கு அரை வரி கொடுக்கலாம். ஜாப்வொர்க் யூனிட்டுக்கு எதிரே எதுவும் விழாது. அதை மறைக்கத் தேவையில்லை, பணி விவரத்தில் அப்படியே இருக்கட்டும். மேலே மட்டும் வேண்டாம்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. "தரக் கட்டுப்பாட்டில் 22 ஆண்டு அனுபவம்" என்று எழுத ஆசை வரும். ஆனால் 22 என்பது தொழிலில் இருந்த காலம். மெர்ச்சண்டைசராக இருந்த மூன்று ஆண்டும் சொந்த யூனிட் நடத்திய இரண்டு ஆண்டும் போக, தரப் பிரிவில் இருந்தது 17 ஆண்டு. கீழே உள்ள தேதிகளைக் கூட்டிப் பார்ப்பவருக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். 17 என்றே எழுதினால் மற்ற வரிகளையும் நம்புவார்.

பிறகு ஒரு சான்று. ஒன்று போதும். ஷிப்மென்டுக்கு முந்தைய இறுதி ஆய்வில், நூறு லாட்டுக்கு ஒன்பது நிராகரிக்கப்பட்டு வந்ததை மூன்றாகக் குறைத்தார் என்றால் அதை எழுதலாம். எந்த ஆண்டு, எந்தப் பதிவேட்டிலிருந்து, என்ன மாற்றம் செய்து என்று நேர்காணலில் கேட்டால் பதில் வேண்டும். அப்படிப் பதில் சொல்ல முடியாத எண்ணை விட்டுவிட்டு, வேலையின் அளவைச் சொல்லலாம்: எத்தனை லைன், எத்தனை செக்கர்.

இப்போது எழுதினால் இப்படி வரும்:

"பின்னலாடை ஏற்றுமதியில் தர மேலாளர், தரக் கட்டுப்பாட்டில் 17 ஆண்டு அனுபவம். 12 தையல் லைன்களுக்கும் 40 செக்கர்களுக்கும் பொறுப்பு. இறுதி ஆய்வில் நிராகரிப்பை நூறு லாட்டுக்கு ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைத்தவர். மெர்ச்சண்டைசராகவும் இருந்ததால் பையரின் எதிர்பார்ப்பை நேரடியாக அறிந்தவர்."

இதில் "திறமையான", "அர்ப்பணிப்புள்ள" போன்ற அடைமொழி ஒன்றுகூட இல்லை, தேவைப்படவும் இல்லை. பதவிப் பெயர் முதல் சொற்களிலேயே வந்துவிட்டதையும் கவனியுங்கள். லிங்க்ட்இன் தளத்தில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துதான் இடம். அதன் கீழே அறிமுகப் பகுதியில் 2,600 எழுத்து வரை எழுதலாம் என்றாலும் திறந்தவுடன் தெரிவது முதல் சில வரிகள்தான். மீதியை அழுத்தித்தான் படிக்க வேண்டும். ஆளெடுப்பவர்கள் பதவிப் பெயரைத் தட்டித்தான் தேடுகிறார்கள். எனவே நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் பதவிப் பெயர் உங்களுக்கு இருந்தால், தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பெயரை எழுதுங்கள்; நிறுவனம் தந்த பெயர் பணி விவரத்தில் இருக்கட்டும்.

இதே ஆள் நாளை உற்பத்தி மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்தால் இந்த நான்கு வரி உதவாது. அப்போது, மேலே இடம் பெறாத அந்த ஜாப்வொர்க் யூனிட் முன்னுக்கு வரும். மெஷின் போட்டு, ஆள் பிடித்து, கூலி கணக்குப் போட்டு உற்பத்தியை நடத்தியவர் என்பதற்கு அதுதான் சான்று. ஆகவே பழைய அறிமுகத்தை அப்படியே அனுப்பாமல், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் அந்தத் தாளை மறுபடி எடுத்து எதிரே குறித்துப் பாருங்கள்.