மார்ச்சில் 2, ஜூலையில் 4: எது சரி?

“டீச்சர், மார்ச் மாதம் பின்னத்தில் 2 என்று எழுதியிருந்தீர்கள். இப்போது 4 என்கிறீர்கள். சராசரி 3 என்று வைத்துக்கொள்ளலாமா?”

ஜொகூர் பாருவில் நான் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளியில் ஒரு தாயார் இப்படிக் கேட்டார். தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர். மகன் நான்காம் ஆண்டு மாணவன்.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தானபின், வகுப்புசார் மதிப்பீடு பிள்ளையின் நிலையைச் சொல்கிறது. 1 முதல் 6 வரை அடைவுநிலைகள்; 3 என்பது குறைந்தபட்சத் தரம். கணிதத்தில் கணக்கைச் சரியாகச் செய்தால் 3. அதை அன்றாடச் சூழலில் வரும் எளிய பிரச்சினைக் கணக்கில் பயன்படுத்தினால் 4. ஒவ்வொரு திறனுக்கும் ஆகக் கடைசியாகக் கண்ட நிலையையே நான் பதிவில் வைத்திருப்பேன். மார்ச்சில் தெரியாதது இப்போது தெரிகிறதென்றால், பழைய 2 அவனைப் பற்றிய உண்மை அல்ல.

ஆனால் கடைசி நிலை மட்டுமே கணக்கு என்றால், அந்தக் கடைசி மதிப்பீடு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். இதில் நானே சறுக்கினேன்.

மார்ச்சில் அவன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினான். மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டிவிட்டான். திருத்திக் கொடுத்து, அடுத்த வாரமே அதே தாளை மறுபடி வைத்தேன். 5/6 என்று சரியாக எழுதினான். நிலையை 3 ஆக்கினேன். இரண்டு வாரம் கழித்து 1/4 + 2/3 கொடுத்தால் 3/7 என்றான். முன்பு அவன் விடையைத்தான் மனப்பாடம் செய்திருந்தான். நிலையை மீண்டும் 2க்கு இறக்கினேன். கடைசி நிலை கீழே போனாலும் கணக்கில் சேரும்.

அதன்பின் மறுமதிப்பீட்டைத் திட்டமிட்டேன். முதலில் காகிதப் பட்டைகளை 12 சம பாகமாக மடிக்க வைத்தேன். 1/4 என்பது 3 பாகம், 2/3 என்பது 8 பாகம். கூட்டினால் 11/12 என்று அவனே கண்டான். பயிற்சித்தாளில் பழைய தவறு மறைந்த பிறகும் இரண்டு வாரம் காத்திருந்தேன். பிறகு அவன் பார்க்காத கணக்கு: “அப்பா 1/4 கேக், தங்கை 1/6 கேக் சாப்பிட்டார்கள். மொத்தம் எவ்வளவு?” 5/12 என்று எழுதி, ஏன் 12 என்றும் விளக்கினான். 4 கொடுத்தேன்.

வாரம் ஒரு நாள், நான்கைந்து பேர், ஆளுக்கு ஒரே திறன் என்று வைத்துக்கொண்டால் இது நடக்கும். அறிக்கை எழுதும் கடைசி வாரத்துக்கு எல்லாவற்றையும் தள்ளினால், தவறு தெரிந்தாலும் மீண்டும் கற்பிக்க நாள் இருக்காது.

அந்தத் தாயாரிடம் இரண்டு தாள்களையும் காட்டினேன். சராசரியைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. “அடுத்து எந்தத் திறனைப் பார்ப்பீர்கள், எப்போது?” என்றார்.