வங்கிப் பக்கம் நம்மை ஏன் வெளியேற்றுகிறது?

பட்டினப்பாக்கத்தில் ஒருவர் காலை 10 மணிக்குத் தம் வங்கியின் இணையதளத்தில் நுழைகிறார் என்று கொள்வோம். ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் வெளியேற்றிவிடும் தளம் அது. 10.01க்குக் கணக்கு விவரத்தை இன்னொரு டேப்பில் திறந்து, அதிலேயே வேலை செய்கிறார். 10.04க்கும் ஒரு பொத்தானை அழுத்துகிறார். ஆனால் 10.06க்கு அழுத்தும்போது 'நேரம் முடிந்தது' என்று வருகிறது. அவர் சும்மா இருக்கவேயில்லையே?

நுழைந்தவுடன் வங்கியின் கணிப்பொறி ஓர் அடையாளச் சீட்டைத் தருகிறது. உலாவி அதைக் 'குக்கீ'யாக வைத்துக்கொள்கிறது. டேப் இரண்டானாலும் சீட்டு ஒன்றுதான். அதனுடன் கடைசியாகக் கோரிக்கை வந்த நேரத்திலிருந்தே வங்கியின் கடிகாரம் எண்ணுகிறது. நாம் திரையில் படித்துக் கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. இக்கணக்கின்படி அவருக்கு 10.09 வரை நேரம் உண்டு.

முதல் டேப்பில் இன்னொரு கடிகாரம் இருக்கிறது. அது பக்கத்தோடு வந்த சிறு நிரல். பக்கத்து டேப்பைக் கவனிக்கும்படி எழுதப்படாவிட்டால், 10.05க்கு 'ஆளில்லை' என்று முடிவு கட்டி, வெளியேறும் கட்டளையை அனுப்பிவிடும். சீட்டு ரத்தாகும், இரண்டு டேப்புகளும் செயலிழக்கும். இந்தத் தொல்லையே வேண்டாமென்று இரண்டாவது டேப்பையே மறுக்கும் வங்கிகளும் உண்டு.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே வெளியேற்றப்பட்டால், மறந்துபோன டேப் ஏதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை மூடினால் அதன் நிரலும் நின்றுவிடும். ஆனால் டேப்பை மூடுவது வெளியேறுவது ஆகாது. 'லாக் அவுட்' அழுத்தாமல் போனால், வங்கியின் கடிகாரம் ஓடி முடியும்வரை சீட்டு உயிரோடிருக்கும்.