ட்ரிப் ஆகத் தெரிந்த நிரல்

கடைக்கு ஆர்டர் வந்ததும் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். அதற்கென்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன நிரல் தானாக ஓடுகிறது. காத்திருக்கும் செய்திகளை எடுத்து, எஸ்எம்எஸ் சேவையின் சர்வருக்கு ஒவ்வொன்றாக அனுப்புகிறது. நேரம் பார்த்து அதை எழுப்பிவிடும் மென்பொருளுக்குக் கிரான் என்று பெயர்.

ஒருநாள் காலை 10 மணிக்கு அந்த சர்வர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் 200 செய்திகள். ஒவ்வொன்றையும் 30 விநாடி காத்திருந்து மூன்று முறை அனுப்பிப் பார்த்தால் 18,000 விநாடி ஆகும், அதாவது ஐந்து மணி நேரம். கிரானோ, முந்தையது முடிந்ததா என்று பார்க்காது. 10:05க்கு இன்னொன்று, 10:10க்கு மற்றொன்று என்று கிளப்பிக்கொண்டே போகும். மூன்று மணி நெருங்கும்போது அறுபது பிரதிகள் ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். சர்வர் எழுந்து உட்காரப் பார்த்தாலும் இந்தக் கூட்டமே அதை மறுபடி சாய்த்துவிடும்.

வீட்டில் மின்சாரம் தாறுமாறானால் எம்சிபி ட்ரிப் ஆகிவிடுகிறது அல்லவா? அதையே நிரலுக்குள் வைப்பதுதான் சர்க்யூட் பிரேக்கர் முறை. மைக்கேல் நைகார்ட் 2007இல் எழுதிய ‘ரிலீஸ் இட்!’ புத்தகத்தால் இது பரவலாயிற்று.

நம் நிரலில் விதி இதுதான்: தொடர்ந்து ஐந்து முறை தோற்றால் அனுப்புவதை நிறுத்து, 15 நிமிடம் பொறு. ஐந்து தோல்விக்கு இரண்டரை நிமிடம் ஆகும். 10:02:30க்கு பிரேக்கர் விழுந்துவிடும். 10:05, 10:10, 10:15க்கு எழும் பிரதிகள் பிரேக்கரைப் பார்த்துவிட்டு அப்போதே திரும்பிவிடும். 10:20க்கு எழுவது ஒரே ஒரு செய்தியை மட்டும் அனுப்பிப் பார்க்கும். போய்ச் சேர்ந்தால் வழி திறக்கும். இல்லையென்றால் மறுபடி 15 நிமிடம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கிரான் எழுப்பும் நிரல் வேலை முடிந்ததும் செத்துவிடும். அதன் நினைவகமும் கூடவே போய்விடும். எண்ணிக்கையை நினைவகத்தில் வைத்தால் ஒவ்வொரு பிரதியும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே நிலையை வெளியே எழுதிவைக்க வேண்டும். ஒரே கணினி என்றால் ஒரு சின்னக் கோப்பு போதும்:

```
state=open
failures=5
retry_after=10:17:30
```

பல கணினிகளில் ஓடினால், செய்திகள் காத்திருக்கும் அதே டேட்டாபேஸில் வைப்பதே நல்லது.

எல்லாத் தோல்வியையும் எண்ணிவிடவும் கூடாது. பதிலே வராததும் 503 என்று வருவதும் சர்வரின் நோய், அவற்றை எண்ணலாம். தொலைபேசி எண் தவறு என்று 400 வந்தால் அது நம் தரவின் பிழை. அதை எண்ணினால் ஐந்து தப்பான எண்களுக்காக மற்றவர்களின் செய்தியும் நின்றுபோகும்.

இன்னொன்று: பிரேக்கர் விழுந்திருக்கும்போது நிரல் ஒரு விநாடிக்குள், பிழை எதுவும் காட்டாமல் முடிகிறது. பதிவேட்டை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எல்லாம் நலம் என்றே தோன்றும். அதனால் விழுந்த அந்தக் கணமே பொறுப்பாளரின் போனுக்குத் தகவல் போக வேண்டும். அந்தத் தகவலை, படுத்துக்கிடக்கும் அதே எஸ்எம்எஸ் சேவை வழியாக அனுப்பக் கூடாது.